எண்பது வீதக் கழிவில் ஒரு மத்தாப்பின் விலை

"தீபாவளிக்குத் திருச்சியிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகிறோம். அத்தான் சிவகாசிக் கடை ஒன்றின் விலைப்பட்டியலை அனுப்பி, வெடிச் செலவில் பாதியை நீ தா என்கிறார். பட்டியல்படி எடுத்த பொருள்களின் விலை 20,000 இந்திய ரூபாய், 80 வீதம் கழிவு. அப்படியானால் 4,000 தானே வரவேண்டும்? கடை கேட்பதோ 5,591. இது சரியா? ஒரு மத்தாப்புக்கு, ஒரு வெடிக்கு உண்மையில் என்ன விலை விழுகிறது? இதைவிடத் திருகோணமலையில் வாங்கினால் என்ன?"

கூட்டலில் பிழை இல்லை. 5,591 என்பது அந்தப் பட்டியலின் விதிகளுக்குள் சரியாக வருகின்ற தொகைதான். ஆனால் கடைசித் தொகை அதுவும் அல்ல. பார்சலை எடுக்கப் போகும்போது இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் பட்டாசு மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதியவன் நான். நீங்கள் அனுப்பியது போன்ற பட்டியல்களைத் தயாரிக்கும் மேசைக்கு அடுத்த மேசையில்தான் எனக்கு இடம். அதனால் அந்த விலை எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்றதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஆயிரம் வெடிச் சரம் ஒன்றை 320 ரூபாய்க்கு விற்கவேண்டும் என்று கடைக்காரர் முடிவு செய்கிறார். ஆலை விலை, வண்டிக்கூலி, தன் இலாபம் எல்லாம் சேர்த்து அவர் மனதில் இருப்பது அந்த 320 மட்டுமே. 80 வீதக் கழிவு என்று விளம்பரம் செய்ய நினைத்தால் 320-ஐ ஐந்தால் பெருக்கி 1,600 என்று அச்சடிப்பார். பக்கத்துக் கடைக்காரர் 90 வீதம் என்று பலகை வைத்துவிட்டால், இவரும் அதே சரத்துக்குப் பத்தால் பெருக்கி 3,200 என்று போட்டு 90 வீதம் கழிப்பார். வாங்குபவர் இரண்டு இடத்திலும் கொடுப்பது 320. கழிவு முதலில் முடிவாகிறது, அச்சு விலை அதற்குப் பிறகு வருகிறது. ஆகவே 1,600 என்ற எண்ணுக்கு அந்தக் கடைக்காரர் எந்நாளும் அந்தச் சரத்தை விற்றதில்லை, விற்கப்போவதும் இல்லை. அடுத்த வருடம் மூலப்பொருள் விலை ஏறினால் கழிவைக் குறைக்கமாட்டார்கள். 1,600 இருந்த இடத்தில் 1,800 ஏறும், பலகையில் 80 வீதம் அப்படியே நிற்கும். "போன வருடமும் எண்பது, இந்த வருடமும் எண்பது, விலை ஏறவில்லை" என்று மகிழ்ந்துகொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. இந்தியாவில் பெட்டியில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேலே விற்றால்தான் குற்றம். எவ்வளவு கீழே விற்றாலும் கேட்க ஆளில்லை. அந்த விலையை அவ்வளவு உயரத்தில் வைப்பதால் ஆலைக்கும் வசதி உண்டு. அதே பெட்டியைச் சிவகாசிக் கடை 80 வீதக் கழிவில் விற்கலாம், தூரத்து ஊரில் தீபாவளிக்கு மட்டும் முளைக்கும் தகரக் கொட்டகைக் கடை 50 வீதக் கழிவில் விற்கலாம், ஒன்றும் தெரியாதவரிடம் முழு விலையையே வாங்கிவிடலாம். எல்லோருக்கும் இடம் விட்டு அடித்த எண் அது.

இப்போது உங்கள் 5,591-க்கு வருவோம். நீங்கள் இணைத்திருக்கும் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பரிசுப் பெட்டி என்ற தலைப்பின் கீழ் "நிகர விலை, கழிவு இல்லை" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அத்தான் எடுத்திருக்கும் 25 வகைப் பரிசுப் பெட்டி 750 ரூபாய். அதுவும் 20,000-க்குள் சேர்ந்திருக்கிறது. ஆகவே கழிவு பெறும் பொருள்களின் அச்சு விலை 19,250 மட்டுமே. அதில் ஐந்தில் ஒன்று 3,850. பரிசுப் பெட்டியின் 750 முழுதாக ஏறுகிறது. மொத்தம் 4,600.

அடுத்து, பொதி கட்டும் கூலி என்று 3 வீதம், அதாவது 138. ஆக 4,738. இதன்மேல் பட்டாசுக்குரிய சரக்கு சேவை வரி 18 வீதம். தமிழ்நாட்டுக்குள் விற்கும்போது மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று பில்லில் இரண்டு வரியாக வரும். இரண்டும் சேர்ந்து 852 ரூபாய் 84 சதம். கூட்டினால் 5,590.84. கடைக்காரர் முழு ரூபாயாக்கி 5,591 என்று எழுதியிருக்கிறார்.

இத்தோடு முடியவில்லை. சிவகாசியிலிருந்து சரக்கு உங்கள் அக்கா வீட்டு வாசலுக்கு வராது. லொறிப் பார்சல் நிறுவனத்தின் திருச்சிக் கிடங்குக்கு வரும். அத்தான் போய் எடுத்துவர வேண்டும். வண்டிக்கூலியை எடுப்பவர் கொடுக்கவேண்டும் என்பதே இந்த வியாபாரத்தின் வழக்கம். அது பில்லில் ஏறாது, பட்டியலிலும் பெரும்பாலும் எண்ணாக இராது. எத்தனை அட்டைப் பெட்டி, எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து அது மாறும். கணக்குக்காக 250 என்று வைத்துக்கொள்கிறேன். கிடங்கில் கேட்கும் உண்மைத் தொகையை அந்த இடத்தில் நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் கையை விட்டுப் போவது 5,841 ரூபாய்.

20,000-க்கு 5,841 என்றால் நூற்றுக்கு 29 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். எண்பது வீதம் என்று ஆரம்பித்த கழிவு எழுபத்தொன்றில் வந்து நிற்கிறது. பரிசுப் பெட்டியை அதன் பங்குச் செலவுகளோடு ஒதுக்கிவிட்டு மற்றப் பொருள்களை மட்டும் பார்த்தால், அச்சு விலையில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 25 ரூபாய் 40 சதம் விழுகிறது. எனவே உங்களுக்கு ஒரு சுருக்குவழி: வரியும் பொதிகூலியும் தனியாகக் கேட்கும் 80 வீதப் பட்டியல் ஒன்று கையில் இருந்தால், அச்சு விலையை ஐந்தால் வகுக்காதீர்கள், நான்கால் வகுத்துவிடுங்கள். சில ரூபாய் முன்பின் போகலாம், ஏமாற்றம் இராது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 852 ரூபாயை வாங்குகிறவர் அதை அரசுக்குக் கட்டுகிறாரா என்பதைப் பில்லைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். முறையான பில்லில் கடையின் 15 இலக்க வரிப் பதிவு எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். அந்த எண் இல்லாமல் "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட தாளில் 18 வீதத்தைக் கூட்டியிருந்தால், அந்தப் பணம் அரசுக் கணக்கில் சேரும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அத்தானிடம் அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பதிவு எண் இல்லையென்றால், வரி என்ற வரியை எடுத்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்கலாம். மற்ற எந்த இடத்தில் பேரம் பேசுவதையும்விட இதில்தான் பெரிய தொகை குறையும்.

இனி ஒன்றுக்கு என்ன விலை என்ற கேள்வி. உங்கள் பட்டியலில் 10 செ.மீ. கம்பி மத்தாப்பு, பத்துக் கம்பி கொண்ட பெட்டி, 80 ரூபாய் என்று இருக்கிறது. கழிவு போக 16. கூலி, வரி, வண்டி எல்லாம் சேர்ந்து 20 ரூபாய் 30 சதம். ஆகக் கம்பி ஒன்றுக்கு இரண்டு ரூபாய். ஒரு இந்திய ரூபாய்க்கு நம் ரூபாய் மூன்றரை என்று வைத்துப் பார்த்தால் ஏழு ரூபாய். இது நேரான பொருள். பெட்டியைத் திறந்தால் பத்து இருக்கும், எண்ணிப் பார்க்கலாம். பெரிய புஸ்வாணம் பத்து கொண்ட பெட்டி 400 என்றால், நான்கால் வகுத்து நூறு, ஒன்றுக்குப் பத்து ரூபாய். ஐந்து வெடி கொண்ட லட்சுமி வெடிப் பாக்கெட் 120 என்றால் முப்பது, ஒன்றுக்கு ஆறு ரூபாய். இவ்வளவும் சிக்கலில்லாதவை.

சிக்கல் சரத்தில் தொடங்குகிறது. ஆயிரம் சரம் 1,600 என்று பட்டியலில் இருக்கிறது. உண்மை விலை 406. லேபிளை நம்பினால் வெடி ஒன்றுக்கு 41 சதம். அதே பட்டியலில் நூறு கொண்ட பிஜிலி வெடிப் பை 160. உண்மை விலை 40 ரூபாய் 60 சதம், ஒன்றுக்கு அதே 41 சதம். இரண்டும் சமம் என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் ஆயிரம் சரம் என்பது அந்த வியாபாரத்தில் ஒரு பெயர். ஆயிரம் வெடி உள்ளே இருக்கும் என்ற வாக்குறுதி அல்ல. எண்ணிப் பார்க்க விரும்பினால் சரத்தைக் குலைக்க வேண்டியதில்லை. சுருளைத் தரையில் விரித்து, ஒரு சாண் நீளத்துக்குள் இரண்டு பக்கமும் எத்தனை வெடி கட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு முழுச் சரமும் எத்தனை சாண் என்று அளந்து பெருக்குங்கள். நடுவில் சின்ன வெடிகளும் முனையில் மட்டும் பெரிய வெடிகளுமாகக் கட்டியிருப்பார்கள், அதையும் கவனியுங்கள். பெருக்கி வருவது 600 என்று வைத்துக்கொண்டால், ஒரு வெடியின் விலை 41 சதத்திலிருந்து 68 சதமாக ஏறிவிடுகிறது. கழிவு வீதத்தை அச்சு விலையில் ஏற்றிவிட்டு, எண்ணிக்கையில் இன்னொரு முறையும் கையை வைப்பது இந்த இடத்தில்தான்.

சரத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பில், தொடராகக் கட்டிய சரவெடிகளையும் பேரியம் உப்புச் சேர்த்த பட்டாசுகளையும் தடை செய்தது. பட்டியல்களில் சரம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது; அது வேறு கதை. விருந்துக்குப் போகிற இடத்தில் உங்களுக்கு எதற்கு அந்த வம்பு? தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்கக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று இரண்டே மணி நேரம்தான் அனுமதித்து வந்திருக்கிறார்கள். நம் ஊரைப்போல் நினைத்த நேரத்துக்கு நினைத்த முற்றத்தில் கொளுத்திவிட முடியாது. 20,000 அச்சு விலைக்குச் சரக்கு வாங்கினால் அந்த இரண்டு மணிக்குள் முடிக்க முடியுமா என்பதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். மிஞ்சியது அக்கா வீட்டுப் பரணில் கிடந்து நமுத்துப்போகும். இருநூறு மத்தாப்பு வாங்கி நூற்றைம்பது மட்டும் எரிந்தால், இரண்டு ரூபாய்க் கம்பி இரண்டே முக்கால் ரூபாய்க்குப் போய்விடும்.

வானத்தில் வெடிக்கும் பலவெடிப் பெட்டிகளுக்கு அத்தனை எளிதாகக் கணக்குச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வெடிப் பெட்டி 750, முப்பது வெடிப் பெட்டி 2,500 என்று பட்டியலில் இருக்கிறது. நான்கால் வகுத்துப் பார்த்தால் முதலாவதில் ஒரு வெடிக்குப் பதினாறு ரூபாய் அளவில், இரண்டாவதில் இருபத்தொன்று. பெரியதை வாங்கினால் மலிவு என்ற பொது எண்ணம் இங்கே தலைகீழாகிறது. ஆனால் குழாயின் விட்டம் வேறுபட்டால் உள்ளே போகும் மருந்தும் உயரமும் பூவின் அகலமும் வேறுபடும், ஆகவே வெடியின் எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடக் கூடாது. குழாய் விட்டம் பெட்டியில் மி.மீ. கணக்கில் போட்டிருந்தால், ஒரே விட்டமுள்ள பெட்டிகளைத் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். போடவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பரிசுப் பெட்டிதான் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டுவது. 750 ரூபாய்க்கு 25 வகை என்றால் வகை ஒன்றுக்கு முப்பது ரூபாய், நல்ல மலிவு என்று யாருக்கும் தோன்றும். பெட்டியின் மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பளபளப்பான பெரிய புஸ்வாணப் பெட்டி. அதைத் தூக்கினால் அடியில் இருப்பவை வேறு சாதி: பாம்பு மாத்திரை ஒரு சின்னப் பெட்டி, அது ஒரு வகை. வண்ணத் தீக்குச்சி ஒரு பெட்டி, அது ஒரு வகை. 7 செ.மீ. மத்தாப்பில் சாதாரணம் ஒரு வகை, பச்சை ஒரு வகை, சிவப்பு ஒரு வகை. குருவி வெடியில் ஒரு பாக்கெட், ஒற்றைச் சாட்டைப் பாக்கெட், இப்படியே இருபத்தைந்தை எட்டிவிடுவார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கடையிடமே கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் அதே விலைப்பட்டியலின் முன் பக்கங்களில் தேடி, கழிவு விலையில் கூட்டிப் பாருங்கள். உங்கள் அத்தான் அனுப்பிய உள்ளடக்கத்தை நான் அப்படிக் கூட்டியபோது 520 ரூபாய் அளவில்தான் வந்தது. அட்டைப் பெட்டிக்கும் சாமிப் படத்துக்கும் 230 ரூபாய் கொடுப்பதாக அர்த்தம். அதன்மேல் பொதிகூலியும் வரியும் வண்டிக்கூலிப் பங்கும் ஏறி, அந்த ஒரு பெட்டி மட்டும் 952 ரூபாய்க்கு வீடு வந்து சேர்கிறது. யாருக்காவது பரிசாகக் கொடுக்கவேண்டும் என்றால் வாங்கலாம். சொந்த முற்றத்தில் எரிக்க வேண்டாம்.

இன்னொரு வகைப் பட்டியலும் உங்களுக்கு வந்து சேரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். "80 வீதம், அதன்மேல் மேலதிகமாக 10 வீதம்" என்று எழுதியிருப்பார்கள். அது தொண்ணூறு அல்ல. ஆயிரம் ரூபாய்ப் பொருளில் முதலில் 800 கழிந்து 200 மிஞ்சுகிறது. இரண்டாவது பத்து வீதம் அந்த 200-இல்தான் கழிகிறது, அதாவது இருபது ரூபாய். கொடுப்பது 180, கழிவு 82 வீதம். 5,000-க்கு மேல் வாங்கினால், புரட்டாசிக்குள் பணம் கட்டினால் என்று வேறு நிபந்தனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, அத்தானிடம் ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். திருச்சியிலேயே உள்ள உரிமம் பெற்ற பட்டாசுக் கடை ஒன்றுக்குப் போய், அங்கே என்ன கழிவு, வரி உள்ளடக்கியதா என்று கேட்கட்டும். பலகையில் 75 வீதம் என்று இருந்தால் எண்பதைவிடக் குறைவு என்று திரும்பி வந்துவிடக் கூடாது. பரிசுப் பெட்டியை நீக்கிவிட்டுச் சிவகாசிப் பட்டியலைக் கணக்கிட்டால் 3,850, பொதிகூலியும் வரியும் சேர்ந்து 4,679, வண்டிக்கூலியோடு 4,929. திருச்சிக் கடையில் இதே பொருள்கள் இதே அச்சு விலையில், எல்லாம் உட்பட 75 வீதக் கழிவுக்குக் கிடைத்தால் 4,812 ரூபாய் 50 சதம். எழுபத்தைந்து எண்பதை வென்றுவிடுகிறது. கிடங்கு வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை, பெட்டி நனைந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம், வேண்டிய எண்ணிக்கைக்கு மட்டும் வாங்கலாம். ஆனால் "இதே அச்சு விலையில்" என்பதை மறந்துவிட வேண்டாம். திருச்சிக் கடையின் பட்டியலில் அந்தக் கம்பி மத்தாப்புப் பெட்டி 80-க்குப் பதிலாக 110 என்று இருந்தால், 75 வீதம் கழித்தாலும் 27 ரூபாய் 50 சதம் வருகிறது. சிவகாசிக் கணக்கில் அது இருபது. அதனால் ஒரே ஆலையின், ஒரே அளவின், ஒரே எண்ணிக்கையுள்ள மூன்று நான்கு பொருள்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வந்து சேரும் விலையை இரண்டு கடைக்கும் எழுதிப் பார்த்தால் போதும். மத்தாப்பு ஒன்று, தரைச் சக்கரம் ஒன்று, லட்சுமி வெடி ஒன்று. முழுப் பட்டியலையும் ஒப்பிட்டு இரவு விழிக்க வேண்டியதில்லை.

பணத்தைச் செலுத்தும் முறையிலும் அத்தான் கவனமாக இருக்கட்டும். நான் முன்னே சொன்ன 2018 தீர்ப்பு இணைய வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதையும் தடுத்தது. அதனால்தான் பல கடைகள் இணையத்தில் விலைப்பட்டியலை மட்டும் வைத்து, "விசாரணை" என்ற பெயரில் தேவையை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு தொலைபேசியில் பேசுகின்றன. இந்தச் சந்தில் போலிகளும் நுழைந்துவிட்டார்கள். கடையின் பெயரும் படங்களும் உண்மையாக இருக்கும், பணம் போகும் கணக்கு மட்டும் யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கும். தமிழ்நாட்டின் இணையக் குற்றப் பிரிவு தீபாவளிக் காலத்தில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கடையின் உரிமம், வரிப் பதிவு எண், வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தைக் காட்டவில்லையென்றால் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. 92 வீதம், 95 வீதம் என்று வருகிற பட்டியல்களில் இது அடிக்கடி நடக்கும். பணத்தை மட்டும் வாங்கப் போகிறவருக்கு எத்தனை வீதம் கழித்தாலும் நட்டமில்லையே.

கடைசியாக, திருகோணமலையில் வாங்கினால் என்ன என்று கேட்டீர்கள். இரண்டையும் ஒப்பிடுவதில் பயன் குறைவு, ஏனென்றால் அங்கே வாங்கியதை இங்கே கொண்டுவர முடியாது. விமானத்தில் கைப்பையிலும் சரி, பொதிகளிலும் சரி, மத்தாப்புக்கூட ஏற்றமாட்டார்கள். இங்கிருந்து அங்கே கொண்டுபோகவும் முடியாது. இந்தியாவுக்குள்ளும், சிவகாசிக்கு ஒரு நடை போய் நேரில் வாங்கி ரயிலில் ஏறிவிடலாம் என்று அத்தான் நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்திய ரயில்வே சட்டத்தில் அதற்குச் சிறைத்தண்டனை வரை உண்டு.

விலையை மட்டும் ஒரு ஆர்வத்துக்காக ஒப்பிட விரும்பினால் வழி இருக்கிறது. இங்கே நம் கடைகளில் இந்தப் பெரிய கழிவு வித்தை கிடையாது. சீனவெடிப் பெட்டிக்கு ஒரு விலை சொல்வார்கள், அதிலிருந்து கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே இங்கே சொல்லும் விலையை அப்படியே எண்ணிக்கையால் வகுத்தால் போதும். மத்திய வீதியிலோ பிரதான வீதியிலோ ஒரு கடையில் 10 செ.மீ. மத்தாப்புப் பத்து கொண்ட பெட்டி என்ன விலை என்று கேளுங்கள். எழுபது ரூபாய்க்கு மேல் சொன்னால் திருச்சி மலிவு. அநேகமாக மேலேதான் சொல்வார்கள். நம் நாட்டில் வெடி செய்யும் ஊர் என்றால் நீர்கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கிம்புலாப்பிட்டிய. அங்கிருந்து தீவைக் குறுக்காகக் கடந்து இங்கே வரவேண்டும், மத்தாப்பு, வாண வகைகளில் இறக்குமதிச் சரக்கும் கலந்திருக்கிறது, விற்பனையும் சித்திரைப் புத்தாண்டையும் மார்கழி விடுமுறையையும் நம்பித்தான் நடக்கிறது. தீபாவளிக்கு நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சித்திரையில் மிஞ்சியதாகவும் இருக்கலாம். ஐப்பசி மழையும் கடற்காற்றும் சேர்ந்த ஊரில் ஆறு மாதம் கிடந்த மத்தாப்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்: கம்பியில் பூசிய மருந்து வெளிறி, நகத்தால் தொட்டால் உதிரும். பத்தில் மூன்று பற்றாது. அந்தப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு வாங்கினாலும் எரிந்த கம்பி ஒன்றுக்குப் பத்து ரூபாய். இங்கே வாங்குவதாக இருந்தால் ஒரு பெட்டியைப் பிரித்து, மருந்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

உங்கள் பங்கு என்னவென்று நேரடியாகக் கேட்டால்: இப்போதைய பில்லின்படி 5,841-இல் பாதி 2,920 ரூபாய் 50 சதம், நம் பணத்தில் மூன்றரைக் கணக்கில் 10,200 ரூபாய்க்கு மேல். பரிசுப் பெட்டியை நீக்கினால் 2,465-க்கு இறங்கும். சரத்தையும் எடுத்துவிட்டு அந்தப் பணத்துக்கு மத்தாப்புக் கூட்டச் சொன்னால் தொகை மாறாது, பிள்ளைகளுக்குக் கையில் பிடிக்க இன்னும் இருபது பெட்டி மத்தாப்பு சேரும். அத்தான் பணம் அனுப்புமுன் இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கள். அனுப்பிய பிறகு அந்தக் கடைகள் பொருளை மாற்றித் தருவதில்லை.